பார்க்கின்சோனிசம் என்று சொல்லிவிட்டார்கள், இனி அன்றாடம் எப்படி?

பாம்பனிலிருந்து ஒரு ஐயா என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார். வயது 63. நாற்பது வருஷம் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்து, லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை மூன்று வேளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் வந்தபோது மகள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கேள்விகளை வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய இவற்றையேதான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன வியாதி? ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. உடம்பின் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருள் மூளையில் குறைந்துபோவதுதான் அடிப்படை. அதனால் வேலை மெதுவாகும், உடம்பு இறுகும், பலருக்குக் கை நடுங்கும். இவற்றுக்கு மொத்தமாக வைத்த பெயர் பார்க்கின்சோனிசம். பெரும்பாலும் காரணம் பார்க்கின்சன் நோய்தான். சிலருக்கு வேறு வியாதிக்குச் சாப்பிடும் மாத்திரையாலும் வரும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை நேரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டுமா? முன்னே பின்னே ஆனால் என்ன?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை அரை மணி தள்ளிப் போனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இது அப்படியில்லை. லெவோடோபா சில மணி நேரமே வேலை செய்யும். ஆரம்பத்தில் தாமதம் உறைக்காமல் போகலாம். வருஷம் போகப் போக, அரை மணி பிந்தினாலே கால் கனப்பதை உடம்பே சொல்லிவிடும். பழக்கத்தை இப்போதே போட்டுவிடுவது நல்லது.

ஐயாவுக்கு நாங்கள் வைத்தது காலை 6.30, மதியம் 12.30, மாலை 6.30. மகளின் செல்போனில் மூன்று அலாரம். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி கழித்துத்தான் டீ, பலகாரம். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரொட்டியோ பிஸ்கட்டோ கடித்துக்கொள்ளலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சட்டென்று ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. காய்ச்சலோடு உடம்பு கட்டையாகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரலாம். மதுரைக்குப் போகும் நாளில் பஸ்ஸிலும் மாத்திரை சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும், டிக்கியில் போட்ட பையில் அல்ல. வேறு எதற்காகவாவது ஆஸ்பத்திரியில் படுத்தாலும், "எனக்கு இத்தனை மணிக்கு இந்த மாத்திரை" என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். தாங்களாகவே வேளையை மாற்ற வேண்டாம்.

ஒரு வேளை மறந்துபோனால்?

கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

மீன் ஆகாது என்கிறார்களே?

கடற்கரையில் பிறந்தவரிடம் இப்படிச் சொல்ல யாருக்கு மனசு வந்ததோ! மீனை நிறுத்த வேண்டாம். மீன், முட்டை, பருப்பு, பால் இவற்றில் உள்ள புரதமும் லெவோடோபாவும் ஒரே வழியில்தான் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகும். இரண்டும் ஒன்றாக வந்தால் மாத்திரை பின்தங்கும். அதனால்தான் அந்த அரை மணி இடைவெளி. இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விழுங்கும்போது இருமல் வந்தால் முள் நிறைந்த மீனை வைத்துவிட்டு, சதைப்பற்றானதை மகள் முள் எடுத்துக் கொடுக்கட்டும். அப்புறம், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

வாந்தி, தலைசுற்றலுக்குக் கடையில் மாத்திரை வாங்கலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான புளுனரிசின் எல்லாமே இந்த வியாதியைக் கூட்டிவிடும். இந்த நான்கு பெயரையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஊசி போடும் இடத்தில் அதை நீட்டினால் போதும்.

பூனைக்காலி விதைப்பொடி பற்றியும் கேட்டார்கள். அதில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்: எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஒன்றை, அளந்து கொடுத்த மாத்திரையின் மேல் எதற்குப் போட வேண்டும்?

உடற்பயிற்சி எப்போது, எவ்வளவு?

மாத்திரை வேலை செய்கிற நேரத்தில். ஐயாவுக்கு அது ஏழரைக்கு மேல். வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு அரை மணி, பேசினால் கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடை. முதலில் பத்து நிமிஷத்தில் தொடங்கினாலும் சரி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். மணல் புதையும் இடம் வேண்டாம், தார்ரோடு ஓரமோ ஜெட்டிக்குப் போகும் சிமெண்ட் பாதையோ நல்லது. வார் வைத்த செருப்பு போடுங்கள். கைலி தடுக்காதபடி மடித்துக் கட்டுங்கள்.

இந்த வியாதியில் அசைவு தானாகவே சிறுத்துப்போகும், அவருக்கோ சரியாக நடப்பதாகவே தோன்றும். அதனால் எல்லாவற்றையும் பெரிதாகச் செய்ய வேண்டும். காலை எட்டிப் போடுங்கள், குதிகால் முதலில் படட்டும், கையை வீசுங்கள், கடலில் பக்கத்துப் படகைக் கூப்பிடுவதுபோல "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுங்கள். குரல் தேய்வதற்கும் இது மருந்து.

நாற்காலியிலிருந்து எழுவதை நாளுக்குப் பத்து தடவை பழகுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, எழுங்கள். விரலுக்கு நான் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. கிழிந்த வலை வீட்டிலேயே கிடக்கிறது.

வாசல்படியில் கால் ஒட்டிக்கொள்கிறதே?

இழுக்க வேண்டாம், விழுவீர்கள். நில்லுங்கள். இடது வலமாக எடையை மாற்றுங்கள். தரையில் ஒரு கயிறு கிடப்பதாக நினைத்துத் தாண்டுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் வளைந்து திரும்புங்கள்.

கடலுக்குப் போகலாமா?

தனியாக வேண்டாம். படகு ஆடும்போது உடம்பு உடனே ஈடுகொடுக்காது. கரையில் வலை பிரிப்பது, மீன் தரம் பார்ப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

எழுந்தால் கண் இருட்டுகிறது, வயிறும் சரியாகப் போவதில்லை.

இரண்டும் இந்த வியாதியில் சகஜம். இருதய, கிட்னி டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, நன்றாகக் குடியுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு இன்னும் அதிகம் வேண்டும். கீரை, கொய்யா சேருங்கள். படுக்கையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் கழித்து எழுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கண் இருட்டுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கை நடுங்குகிறது, நாங்கள் ஊட்டிவிடலாமா?

இது மகளின் கேள்வி. வேண்டாம், அவரே சாப்பிடட்டும். சட்டைப் பட்டனையும் அவரே போடட்டும், பத்து நிமிஷம் ஆனாலும். அவசரப்படுத்தினால் நடுக்கம் கூடும்.

எனக்கு இது நிற்குமா?

கடைசிக் கேள்வியை மட்டும் ஐயாவே எழுதியிருந்தார். முதல் எழுத்து பெரிதாக இருந்து, வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் இந்த வியாதியின் வேலைதான். நிற்காது, ஐயா. முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. மாத்திரையும் பயிற்சியும் இருந்தால் ரொம்ப வருஷம் உங்கள் வேலையை நீங்களே பார்க்கலாம். அடுத்த தடவை வரும்போது, இரட்டைக்கோடு நோட்டில் கோடு தொடும் அளவுக்கு உங்கள் பெயரையும் படகு நம்பரையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.