கழுத்து முறிந்த சாவி

இரவு ஒன்றேகால். கேட் வாட்ச்மேன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார்.

"என்னம்மா, இன்னிக்கு ரொம்ப லேட்டாயிடுச்சே?"

"ஆள் வரல அண்ணா. அடுத்த ஷிஃப்டையும் பாதி நானே பாத்துட்டு வரேன்." நர்ஸ் உடுப்பின் மேல் ஸ்வெட்டர். நிற்காமல் சி பிளாக் பக்கம் போய்விட்டாள்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் சாவியின் தலை மட்டும்.

"உடைஞ்சிடுச்சு. ஸ்பேர் உள்ளதான் இருக்கு. பூட்டுக்காரர் காலையிலதான் வருவாராம்."

அவர் அதை வாங்கி டார்ச்சில் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதி மினுமினுவென்று புதுசாக இருந்தது. மீதிப் பாதி கறுத்துப்போயிருந்தது.

"இது இன்னிக்கு உடைஞ்சதில்ல. விரிசல் விட்டு நாளாச்சு. கொஞ்ச நாளா பூட்டு திருப்ப கஷ்டமா இருந்திருக்குமே?"

"ஆமா. ரெண்டு கையாலயும் திருப்புவேன்."

"உள்ள இருக்கறதை ஏதாவது குத்திப் பாத்தீங்களா?"

"ஹேர்பின் எடுத்தேன். அப்புறம் பயந்துட்டேன். சூப்பர் குளூ தடவி ஒட்டி இழுத்தா வந்துடும்னு சொல்றாங்களே?"

"அந்த வேலையே வேணாம். பசை உள்ள வழிஞ்சா பூட்டுக்குள்ள இருக்கற சின்னப் பின்னெல்லாம் ஒட்டிக்கும், அப்புறம் பூட்டையே மாத்தணும்."

கேட்டை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு விதி. ஏ பிளாக் வாட்ச்மேனுக்கு போன் போட்டு ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னார், சின்னக் கதவுக்குச் சங்கிலி போட்டார், நாற்காலிக்கு அடியிலிருந்த தகர டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினார். வாட்ச்மேன் வேலைக்கு வருமுன் தச்சுப்பட்டறையில் இருந்தவர். டப்பா அந்தக் காலத்தது.

மூன்றாம் மாடி. சாவித் துவாரம் லேசாகச் சாய்ந்து நின்றிருந்தது. பாதித் திருப்பலில் உடைந்திருக்கிறது. துண்டு விளிம்போடு விளிம்பாக உள்ளே.

"எப்படி அண்ணா எடுக்கறது?"

"இப்ப எடுக்கவே கூடாது. தலைதான போச்சு, பல்லு முழுசா உள்ள இருக்கு. பின்னையெல்லாம் சரியான உயரத்துல தூக்கிப் புடிச்சிட்டிருக்கு. அந்தத் துண்டுதான் இப்ப சாவி. அதை உருவிட்டா கதவைத் திறக்க ஒண்ணுமே இல்ல."

மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரைத் துவாரத்தில் துண்டின் மேல் ஊன்றித் திருப்பினார். அசையவில்லை. அழுத்தவும் இல்லை அவர். கையை எடுத்துவிட்டு கதவின் மேல் விளிம்பை டார்ச்சால் வருடினார். கீல் பக்கம் ஒரு நூல் இடைவெளி, பிடிப் பக்கம் இரண்டு மடங்கு. கதவு தொங்கியிருந்தது.

"கைப்பிடியை ரெண்டு கையாலயும் நேரா மேல தூக்குங்க. இழுக்க வேணாம், தூக்கணும்."

அவள் தூக்கினாள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. டக். கதவு திறந்தது.

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் முடியலம்மா. லைட்டைப் போடுங்க."

துவாரத்தைப் பழையபடி செங்குத்தாகக் கொண்டுவந்தார். சாய்ந்த நிலையில் இழுத்தால் பின்கள் துண்டை விடாது. பென்சில் கரியைச் சுரண்டி உள்ளே ஊதினார். எண்ணெய் விட்டால் தூசு சேர்ந்து களிம்பாகிவிடும். ஆக்சா பிளேடைச் சாணையில் தேய்த்து ஈர்க்குச்சி அகலத்துக்கு ஆக்கிய ஒன்று டப்பாவில் இருந்தது. பற்கள் தன் பக்கம் பார்க்கும்படி சாவியின் வெட்டு ஓரமாகவே நுழைத்து, லேசாகத் திருகி இழுத்தார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவதில் துண்டு ஒரு நெல்லளவு வெளியே எட்டிப் பார்த்தது. நகத்தால் பிடித்து உருவினார்.

"பூட்டு மேல தப்பே இல்ல. இங்க பாருங்க." கதவு நிலையில் இருந்த தகட்டு ஓட்டையின் கீழ் விளிம்பு தேய்ந்து பளபளத்தது. தொங்கிய கதவால் பூட்டின் நாக்கு அதன் மேல் உரசி உரசிப் போயிருக்கிறது. மேல் கீலின் மூன்று திருகில் இரண்டு சும்மா சுற்றின.

கதவின் வெளி மூலைக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகித் தூக்கி நிறுத்தினார். மருந்து கிள்ளிய தீக்குச்சிகளை ஓட்டைக்கு இரண்டாகத் திணித்து, திருகுகளைக் கையாலேயே இறுக்கினார். நாக்கு உரசாமல் உள்ளே போனது.

"இது ஒரு வாரம் தாங்கும். ஆசாரியைக் கூப்பிட்டு ரெண்டு இஞ்ச் திருகு போடச் சொல்லுங்க."

"அண்ணா, ஏதாவது..." அவள் பையைத் திறந்தாள்.

கீழே ஹாரன் விடாமல் அடித்தது.

"சங்கிலி போட்டிருக்கேன், திட்டப் போறாங்க." டப்பாவை மூடிக்கொண்டு இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்: "டூப்ளிகேட் வெட்ட இந்தத் துண்டைக் குடுத்துடாதீங்க, தேய்ஞ்சு போனது. ஸ்பேர் சாவியைக் குடுங்க. ரெண்டா வெட்டுங்க, ஒண்ணு வெளிய யார்கிட்டயாவது இருக்கட்டும்."

"உங்ககிட்ட குடுத்து வெக்கறேன்."

"எங்கிட்ட வேணாம், வாட்ச்மேன் சாவி வெச்சுக்கக் கூடாது. எதிர் வீட்டம்மாகிட்ட குடுங்க."

ஹாரன் மறுபடி அலறியது. "வந்துட்டேன் சார்!"