கல்யாணச் சமையல் விலைக் குறிப்பு: ஆகஸ்ட் 29, 30, 31

பாளையங்கோட்டை
12.06.2026

அண்ணாச்சிக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை போனில் பேசியபடி, மகள் கல்யாணத்துக்கான சமையல் விலையை எழுதியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னீர்கள். அதனால் எது இதில் சேரும், எது சேராது என்று விவரமாகவே எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை 29 ராத்திரி, வரவேற்பு விருந்து: 400 இலை, இலைக்கு ரூ.240. மொத்தம் ரூ.96,000.
ஞாயிறு 30 காலை டிபன்: 300 இலை, இலைக்கு ரூ.130. மொத்தம் ரூ.39,000.
ஞாயிறு முகூர்த்தச் சாப்பாடு: 600 இலை, இலைக்கு ரூ.260. மொத்தம் ரூ.1,56,000.
திங்கள் 31 மதியம், மறுவீட்டுச் சோதிச் சாப்பாடு: 150 இலை, இலைக்கு ரூ.230. மொத்தம் ரூ.34,500.

நான்கு வேளைக்கும் சேர்த்து ரூ.3,25,500. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ரூ.16,275. ஆக ரூ.3,41,775. பில் போட்டே தருவேன்.

முகூர்த்த இலைக்கு: உப்பு, இஞ்சிப் பச்சடி, தயிர்ப் பச்சடி, மாங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், அவியல், கூட்டு, பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்குக் காரக்கறி, வடை, அப்பளம், கோதுமை அல்வா, பருப்பும் நெய்யும், சாம்பார், புளிக்குழம்பு, ரசம், மோர், அடைப்பிரதமன், பால் பாயாசம். காலை டிபனுக்கு இட்லி, வெண்பொங்கல், ரவா கேசரி, மெதுவடை, சாம்பார், இரண்டு சட்னி, காபி. ராத்திரிக்கு மதினி சொன்ன பட்டியல் அப்படியே. இடியாப்பம் மட்டும் 400 பேருக்குச் சூடாகப் பிழிந்து போடுவது சிரமம், ஆறினால் வாயில் வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஆப்பம் போடலாம், அதே விலைதான்.

சோதிக்கு ஏன் இவ்வளவு என்று உங்கள் தம்பி கட்டாயம் கேட்பார். இலையில் பார்த்தால் சாதம், சோதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரு பாயாசம், ரசம், மோர், அவ்வளவுதான். ஆனால் 150 பேருக்குச் சுமார் 75 தேங்காய் உடைத்து, துருவி, மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலில் பாசிப்பருப்பு சேர்ந்து கொதிக்கும். முதல் பால் விட்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது அதற்கும் அப்புறம். பால் எடுக்க மட்டும் தனியாக மூன்று பேர் வருவார்கள். டின்னில் வரும் தேங்காய்ப்பால் விட்டு முப்பது ரூபாய் குறைக்கலாம், நான் செய்வதில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பூண்டு சேர்க்கமாட்டார்கள் என்றீர்களே, அவர்களுக்கு இருபது இலைக்குச் சோதி தனிப் பாத்திரத்தில் வரும். கூடுதல் காசு கிடையாது.

இந்த விலைக்குள் அடங்குபவை: மளிகை, காய்கறி, பால், தயிர், நெய், தேங்காய், வாழையிலை, கேஸ் சிலிண்டர், அடுப்பு, பாத்திரம், சமையல் ஆட்கள், பரிமாறுகிறவர்கள், மேசைக்குப் பேப்பர் ரோல், எவர்சில்வர் டம்ளர், குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர், ஆட்களும் சாமானும் வந்துபோகும் வண்டி வாடகை. இலை எடுத்து மேசை துடைப்பதும் எங்கள் ஆட்கள்தான். பிளாஸ்டிக் கோட்டிங் உள்ள கப்பும் மேசைக்கு பிளாஸ்டிக் விரிப்பும் 2019-லிருந்தே தடை. அதனால் யார் கேட்டாலும் நாங்கள் கொண்டுவருவதில்லை.

சேராதவை: மண்டப வாடகை, கரண்ட், ஜெனரேட்டர், மண்டபத்துக்காரர் கேட்கும் குப்பை அள்ளும் பணம். தாம்பூலப் பை, வெற்றிலை பாக்கு, சீர்ப் பலகாரம், ஐஸ்கிரீம், பீடா ஆகியவையும் இதில் இல்லை. சீர் முறுக்கும் அதிரசமும் வேண்டுமென்றால் ஜூலை கடைசிக்குள் சொல்லுங்கள், தனி விலை தருகிறேன். போட்டோ, மேளம், பந்தல் ஆட்கள் சாப்பிடுவதும் இலைக் கணக்கில்தான் வரும். கடை அல்வாதான் வேண்டும் என்று மதினி நினைத்தால் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பரிமாறுகிறோம். இலைக்கு ரூ.10 கழித்துக்கொள்ளலாம்.

சமைக்கவும் கழுவவும் தண்ணீர் மண்டபத்தின் பொறுப்பு. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்தி உட்கார்ந்த நேரத்தில் தொட்டி காலி, மோட்டாரும் ஓடவில்லை. கேன் தண்ணீரில் ரசம் வைத்து, அண்டாவைக் கழுவாமலே அடுத்த உலை ஏற்ற வேண்டியதாயிற்று. தச்சநல்லூர் மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்று பேசி வையுங்கள். லாரித் தண்ணீர் வரவழைக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு உங்களைச் சேரும். திங்கட்கிழமை பெருமாள்புரம் வீட்டில் பின்பக்கம் அடுப்பு போட இடம் போதுமா என்று ஒரு நாள் வந்து பார்க்கிறேன்.

இலைக் கணக்கில் பின்னால் மனக்கசப்பு வரக்கூடாது. பந்திக்கு முன்னால் இலைக் கட்டுகளை உங்கள் ஆள் ஒருவர் எண்ணி வாங்கட்டும், முடிந்தபின் மீதியையும் அவரே எண்ணட்டும். கிழிந்த இலையைக் கழித்துவிட்டு, போட்ட இலைக்குத்தான் பணம். கடைசி எண்ணிக்கையை ஆகஸ்ட் 24-க்குள் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து 10 சதவீதம் வரை குறைந்தால் குறைந்த கணக்குக்கே பணம். அதற்கும் கீழே போனால் 90 சதவீதத்துக்கு வாங்கிக்கொள்வேன், சமைத்ததைத் திருப்பி எடுத்துப்போக முடியாது அல்லவா. முகூர்த்தத்துக்கு 40 பேர் கூட வந்தாலும் அதே விலையில் தாங்கும். அதற்கு மேல் என்றால் முக்கால் மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். சாதம், சாம்பார், ரசம் மறுபடி வைத்துவிடலாம், அவியலும் பிரதமனும் அந்த இலைகளுக்கு வராது.

இந்த விலை ஜூன் 30, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை செல்லும். அதற்குள் ரூ.50,000 முன்பணம் வந்துவிட்டால் கல்யாணம் வரை ஒரு பைசா ஏற்றமாட்டேன். தேங்காய் ஏறினாலும் எண்ணெய் ஏறினாலும் என் பாடு. கெடு தாண்டினால் அன்றைய விலைக்குப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். கல்யாண வாரந்தான் ஓணமும் வருகிறது. பாவூர்சத்திரம் காய் பாதி கேரளாவுக்கு லாரி ஏறிவிடும், நயினார்குளம் மார்க்கெட்டில் இலைக் கட்டும் எகிறும். முன்பே உறுதியானால் இலைக்கும் நேந்திரங்காய்க்கும் தோட்டக்காரரிடம் நேரில் சொல்லி வைப்பேன். தேதியும் கையில் நிற்கும். ஆகஸ்ட் 30-க்கு இன்னொருவரும் கேட்டிருக்கிறார், உங்களுக்காக ஜூன் 30 வரை அவருக்குப் பதில் சொல்லவில்லை.

முன்பணம் போக ஆகஸ்ட் 20-ல் ரூ.1,50,000. மீதி ரூ.1,41,775, இலைக் கணக்குப் பார்த்துக் கூட்டிக் கழித்து, மறுவீட்டுச் சாப்பாடு முடிந்த அன்று. தேதி மாறினால், வேறு வேலை ஒப்புக்கொள்ளாத நாளாக இருந்தால் முன்பணம் அப்படியே புதுத் தேதிக்கு வரும். ஜூலை 31-க்குள் வேண்டாம் என்று சொன்னால் ரூ.10,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவேன். அதற்கப்புறம் என்றால் முன்பணம் திரும்பாது.

வருகிற ஞாயிறு என்.ஜி.ஓ. காலனியில் எங்கள் சமையலில் ஒரு வளைகாப்பு. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். நீங்களும் மதினியும் பதினொரு மணிக்கு அடுப்படிப் பக்கம் வந்தால் அவியலும் பிரதமனும் ருசி பார்த்துவிடலாம். வருவதானால் முதல் நாள் ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
சமையல் ஒப்பந்தக்காரர்,
பாளையங்கோட்டை