மாலை வகுப்புத் திட்டம்: உதவியும் புகாரும்

10-ஆம் வகுப்பு, பிளஸ் டூ மாலை வகுப்புகளுக்கு மாதம் 900 ரூபாய் கட்டியிருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஆறரை மணி வகுப்புக்குப் பிள்ளை நோட்டோடு உட்கார்ந்தாயிற்று, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஆப்பில் அந்த வகுப்புக்குக் கீழேயே 'உதவி' பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள், 10 நிமிடத்துக்குள் எங்கள் ஆள் கூப்பிடுவார். காலை 8 முதல் இரவு 9.30 வரை இருப்போம், அதில் வகுப்பு நடக்காத நேரம் என்றால் 2 மணி நேரம் ஆகலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் யாரும் இருக்க மாட்டோம், திங்கள் காலைதான். மார்ச்சில் தொடங்கும் பொதுத்தேர்வு முடியும்வரை மட்டும் இரவு 11 வரை இருப்போம்.

எங்கள் பக்கத்துக் கோளாறால் வகுப்பு போனால் மாற்று வகுப்பா, பணமா என்பது உங்கள் விருப்பம். மாதம் 20 வகுப்பு, ஆக ஒன்றுக்கு 45 ரூபாய். 7 நாளில் கணக்கில் ஏறும். உங்கள் வீட்டில் கரண்ட் போனதற்குப் பணம் தர முடியாது, பதிவு செய்த வீடியோ அன்றிரவே வந்துவிடும்.

பணத் தகராறுதான் அதிகம் வருகிறது. யூபிஐயில் பணம் போய்விட்டது, ஆப்போ 'சந்தா முடிந்தது' என்கிறது. தயவுசெய்து மறுபடி கட்டாதீர்கள். வங்கிச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள், அன்றே வகுப்பைத் திறந்துவிடுகிறோம், கணக்கு வழக்கை அப்புறம் பார்க்கலாம். எங்களுக்கு வந்து சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே சொல்லியிருக்கிறது. வங்கியில் இதைக் கேளுங்கள். ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் அது நாங்கள் இல்லை.

புகார் பதிந்ததும் ஒரு எண் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள். 24 மணி நேரத்தில் தீராவிட்டால் அந்த எண்ணைப் போட்டு 'மேலே அனுப்பு' என்பதைத் தட்டினால் ஒருங்கிணைப்பாளரிடம் போகும், அவருக்கு 3 நாள். ஆசிரியர் திட்டினார், மரியாதைக் குறைவாகப் பேசினார் என்பது போன்றவற்றை நேராக ஒருங்கிணைப்பாளரிடமே சொல்லுங்கள், அந்த ஆசிரியருக்குப் போகாது. அவரும் சரியாகச் செய்யவில்லையா, குறைதீர் அலுவலர் இருக்கிறார். பெயரும் நேரடி எண்ணும் உங்கள் ரசீதின் அடியில் உள்ளன. சட்டப்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நாங்கள் அவருக்குக் கொடுத்திருப்பது 10 நாள்தான்.

அதிலும் திருப்தி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். e-jagriti.gov.in வழியாக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்குப் போட்டாலும் கட்டிய மாதம் முடியும்வரை பிள்ளையின் வகுப்பை நிறுத்த மாட்டோம்.