வாங்கும் கவுண்டரில் முதல் பத்து நிமிடம்
(சிம்மக்கல் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, காலையில் கடை திறக்குமுன்)

வாங்க, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஃபேனுக்கு நேரே உட்கார வேண்டாம், பில் தாளெல்லாம் பறக்கும்.

பழைய பொருளை வாங்கி விற்கிற கடை நம்முடையது. விற்கும் கவுண்டரில் தப்பு செய்தால் நூறு, இருநூறு போகும். வாங்கும் கவுண்டரில் தப்பு செய்தால் பொருளும் போகும், பணமும் போகும், சமயத்தில் ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வேண்டி வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால் 3 வருடம் வரை சிறை. முன்பு ஐபிசி 411 என்று சொல்வார்கள், 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்ல வேண்டுமென்றால், தெரிந்துகொள்ள வேண்டியதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் விலைப் பேச்சு கடைசியில்தான். வருகிறவர் "எவ்வளவு தருவீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். "பார்த்துட்டுச் சொல்றேண்ணே, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பொருளைக் கையில் வாங்குங்கள். ஒரு தொகை வாயிலிருந்து வந்துவிட்டால், அப்புறம் என்ன குறை கண்டுபிடித்தாலும் விலையை அடிக்கப் பார்க்கிறோம் என்றுதான் நினைப்பார். அதில் தப்பும் இல்லை.

செல்போன். பாதிப் பேர் இதைத்தான் கொண்டு வருவார்கள். முதலில் உடம்பைப் பாருங்கள். கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து ஓரத்தில் விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டையான முதுகுள்ள போன் பம்பரம் மாதிரி சுற்றினாலோ, டிஸ்ப்ளே ஓரம் தூக்கி நின்றாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு "அண்ணே, இதைச் சட்டைப் பையில் வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்புங்கள். சிம் ட்ரேயை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிறைய மாடல்களில் உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும். சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

அடுத்து `*#06#` அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண், இரண்டையும் பாருங்கள். கொண்டு வந்த பெட்டியில் இருக்கும் எண்ணோடு கடைசி நாலு இலக்கம் மட்டும் ஒப்பிடுவது சோம்பேறித்தனம், முழுசாகப் படியுங்கள். பிறகு நம் கடை போனிலிருந்து `KYM` என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். Black-listed, Duplicate, Already in use, இந்த மூன்றில் எது வந்தாலும் வாங்கக் கூடாது. அப்போதும் "திருட்டு போன்" என்று சத்தம் போடாதீர்கள். அவரே எங்காவது ஏமாந்து வாங்கியிருக்கலாம். "சிஸ்டத்தில் எடுக்கவில்லைங்க" போதும்.

மூன்றாவது, கணக்கு. இதில் நானே மாட்டியிருக்கிறேன். சேர்ந்த புதிதில், ஒரு சாயங்காலம் கூட்ட நேரத்தில், ரீசெட் செய்து பளபளவென்று ஒரு போன் வந்தது. 6,500 கொடுத்து எடுத்துவிட்டேன். மறுநாள் ஆன் செய்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கிறது. விற்றவர் நம்பர் சுவிட்ச் ஆஃப். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதிலேயே போயிற்று. கணக்கை எடுக்காமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் பூட்டு அப்படியேதான் இருக்கும். ஐபோனில் Find My அணைக்கவில்லை என்றாலும் அதே கதை. அதனால் நமக்கு முன்னால், அவர் கையாலேயே கணக்கை நீக்கி, ரீசெட் போட்டு, புதுப் போன் மாதிரி முதல் திரை தாண்டி உள்ளே போகும் வரை காசு எண்ணாதீர்கள்.

பேட்டர்ன் என்ன என்று கேட்க வேண்டாம், போனை அவரிடமே கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்கப் போய் கேலரிக்குள் விரல் போனால் அன்றைக்கே சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன், இதில் இரண்டாவது பேச்சு இல்லை.

மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ். வயரைக் கையால் நீவிப் பாருங்கள், பிளக்கை மோந்து பாருங்கள், கருகின வாடை மறைக்க முடியாது. நேரே சுவிட்சில் சொருகாமல், பின்னால் இருக்கும், பல்பு வழியாகக் கரண்ட் வரும் சீரீஸ் போர்டில் போடுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். மிக்சி ஜாரில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் துணி மேல் வையுங்கள், அடியில் ஈரம் கசிகிறதா தெரியும். அரசு முத்திரை போட்ட விலையில்லா லேப்டாப், மிக்சி, ஃபேன் எதையும் தொட வேண்டாம். டிவி, ஃபிரிட்ஜ் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

பித்தளைச் சாமான்தான் எனக்குப் பிடித்தது. முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பின் மேல் பூச்சு. குத்துவிளக்கு என்றால் மரையைத் திருகி, தட்டு, தண்டு, அடி என்று தனித்தனியாகக் கழற்றுங்கள். சிலதில் தண்டுக்குள் இரும்புக் கம்பி ஓடும், அதையும் பித்தளை விலைக்கு நிறுத்துவிடாதீர்கள். அடி கனமாக இருந்தால் உள்ளே மண்ணோ அரக்கோ அடைத்திருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் பெயர். நம் ஊரில் பேர் வெட்டாத சீர்ப் பாத்திரம் உண்டா? கழுத்துப் பக்கம் விரலை வைத்துச் சுற்றினாலே புள்ளி புள்ளியாகத் தட்டுப்படும். "யார் பேருக்கா இது?" என்று சும்மா கேளுங்கள். வீட்டுப் பொருள் என்றால் "எங்க மாமியா பேரு, உசிலம்பட்டியிலிருந்து சீரா வந்தது" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். பேர் இருந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்திருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு முறை விளக்கு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடி விளிம்பில் "உபயம்" மட்டும் மிச்சம், அதற்குப் பிறகு வந்த எழுத்தெல்லாம் தேய்த்திருந்தது. வீட்டு விளக்கில் யாராவது உபயம் என்று எழுதுவார்களா? கோயில் மணி, தூக்குவிளக்கு, சாமி சிலை எதுவும் நம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

எல்லாம் சரி என்றால் ஆதாரோ லைசென்ஸோ பார்த்து, போட்டோவும் முகமும் ஒன்றா என்று நிமிர்ந்து பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து. ஜிபேயில் பணம் போட்டால் வருகிற பேரும் ஆதார்ப் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் போன் கொண்டு வந்தால், "அப்பாவைக் கூட்டிட்டு வாப்பா".

ஜூன் மாதம் பாருங்கள், ஃபீஸ் கட்ட வேண்டி நல்ல நல்ல பொருளெல்லாம் வரும். அவர்களுக்குத் தலை நிமிர்ந்து பேசவே கூச்சமாக இருக்கும். அவர்களிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும், ஆனால் குரலைத் தாழ்த்தி, தண்ணீர் பாட்டிலை முன்னால் வைத்துவிட்டு.

இந்த ட்ரேயில் மூன்று போன் வைத்திருக்கிறேன். ஒன்றை வாங்கியிருக்கவே கூடாது, அது அந்த 6,500 இல்லை. எது, ஏன் என்று ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் போய் ஷட்டரைத் தூக்குகிறேன்.