உத்திரச் சாப்பாட்டுக்கு இந்த வருஷ கணக்கு – எல்லாரும் ஒரு தடவை முழுசா படிச்சிருங்க

சித்தப்பாமாரு, அண்ணன்மாரு, மாமா எல்லாருக்கும் வணக்கம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல போடுற சாப்பாட்டுக்கு இந்த தடவை சாமான் கணக்கு நான் போடுறேன்னு ஒத்துக்கிட்டேன்ல, அது கீழ இருக்கு. கொஞ்சம் நீளமா போயிருச்சு, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் நடந்தத சொல்லாம இத சொன்னா பாதிப்பேரு "அதெப்படி அரிசி இவ்வளவு கம்மியா வாங்குவே"ன்னு சண்டைக்கு வருவீங்க.

போன வருஷம் அரிசி ஆறு சிப்பம் வாங்கினோம். இப்ப சிப்பம் 26 கிலோ (2022 ஜூலைல 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு ஜிஎஸ்டி போட்டாங்கள்ல, அதுல இருந்து கடைக்காரங்க ஒரு கிலோ கூட்டி கட்டிட்டாங்க), ஆக 156 கிலோ. அவ்வளவையும் காலையிலயே உலை வச்சு வடிச்சாச்சு. சாயங்காலம் பாத்தா ரெண்டு சிப்பத்து சோறு அப்படியே பாயில மலையா கெடக்கு. 52 கிலோ அரிசின்னா சோறா கிட்டத்தட்ட 130 கிலோ, அத மாட்டுக்கு கொண்டு போட ஆள் தேடுனது நான்தான். ஆனா அவியல் அஞ்சாவது பந்தியிலயே தீந்துபோச்சு, ஆறாவது பந்தியில மேலத்தெரு மாமா குடும்பத்துக்கு இலையில சோறும் சாம்பாரும்தான். அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அத்தை இலைய மடிச்ச விதத்துலயே எல்லாம் தெரிஞ்சுச்சு. வருஷத்துக்கு ஒரு நாள் மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி வர்றவங்க.

அப்ப காசு பத்தாம போகல. சோறு கூட, வெஞ்சனம் கம்மி, அவ்வளவுதான் விஷயம்.

மொதல்ல ஆள் கணக்கு. தலைக்கட்டு 118, வீட்டுக்கு நாலு பேருன்னா 472. அது போக பக்கத்து ஊர்க்காரங்க, வழியில போறவங்க, சாமி கும்பிட வந்தவங்க எல்லாம் உண்டு. இது வாய்க்கு வந்ததச் சொல்ற கணக்கு இல்ல, போன வருஷம் 900 இலை வாங்கினோம், மிச்சம் 160, கிழிஞ்சது ஒரு 20, ஆக 720 இலை விழுந்திருக்கு. இலைக்கணக்கு பொய் சொல்லாது. இந்த தடவை உத்திரம் லீவு நாளா வருது, அதுக்கு ஒரு 40, பரிமாறுற பயலுகளும் தவசுப்பிள்ளை ஆளுகளும் கடைசியில சாப்பிடுறதுக்கு ஒரு 40, மொத்தம் 800 இலை. இதுல பிள்ளைங்க 120 பேருன்னு வச்சுக்கிட்டா அவங்க அரை வயிறு, அதனால பெரியவங்க கணக்குக்கு 740 பேர். பந்திக்கு 120 பேர் உக்காருவாங்க, ஏழு பந்தி.

அரிசி: ஏழு பேருக்கு ஒரு கிலோ. கல்யாண மண்டபத்துல எட்டு பத்து பேருன்னு சொல்லுவாங்க, அங்க பத்து வகை கூட்டு இருக்கும், ஆளு ஏசியில உக்காந்திருப்பான். நம்ம ஆளுக தேரி மணல்ல வெயில்ல நடந்து வந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காருறவங்க, அதனால ஏழு. 740 பேருக்கு 106 கிலோ வருது, நாலு சிப்பம் 104, போதும். பெரிய சித்தப்பா "நூறு பேருக்கு பதிமூணு படி"ன்னு பழைய கணக்கு சொல்லுவாரு, அந்த படிய எடுத்து தராசுல வச்சுப் பாத்தேன் சித்தப்பா, ஒன்றரை கிலோவுக்கு மேல பிடிக்குது, அப்ப உங்க கணக்கு இருபது கிலோ ஆயிருது. அந்தக் காலத்துல ரசத்துக்கு ஒரு தடவ, மோருக்கு ரெண்டு தடவ சோறு வாங்குவாங்க, இப்ப யாரு வாங்குறா, பாதிப்பேருக்கு சுகர்.

ஒரேயடியா வடிக்க வேண்டாம், இதுதான் முக்கியம். காலையில ரெண்டு சிப்பம் மட்டும், அது மூணு பந்திக்கு தாராளம். மூணாவது பந்தி உக்காரும்போது அடுத்த சிப்பம் உலையில போகணும். நாலாவது சிப்பத்த அஞ்சாவது பந்தியப் பாத்துட்டு முடிவு பண்ணலாம், பாதி பிரிச்சாலும் தப்பில்ல. அஞ்சாவதா ஒரு சிப்பம் பயத்துக்கு வாங்கி வைக்கிறோம், பிரிக்காம இருந்தா திரும்ப எடுத்துக்கிறேன்னு கடை அண்ணாச்சி ஒத்துக்கிட்டாரு. பொன்னி புழுங்கல், பழைய அரிசியா கேட்டிருக்கேன், புது அரிசி குழைஞ்சிரும், பெருகவும் செய்யாது.

பருப்பு: சாம்பாருக்கு துவரம்பருப்பு ஆளுக்கு 25 கிராம் பக்கம், 18 கிலோ, ரசத்துக்கு பருப்புத்தண்ணி எடுக்க ஒரு கிலோ, ஆக 19. மொத சோத்துக்கு பருப்பு-நெய் போடுறதுக்கு சிறுபருப்பு 8 கிலோ, பாயசத்துக்கு 9 கிலோ, ஆக 17. பாயசத்துக்கு வெல்லம் பருப்பு எடைக்கு ரெட்டிப்பு, 18 கிலோ. ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர்தான் வரும், ரெண்டாவது தடவ கேக்குறவங்களுக்கு சிரிச்சுக்கிட்டே நகந்துருங்க.

பருப்பு வேகாத கதை ஞாபகம் இருக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி? எல்லாரும் கடைக்காரர ஏசுனோம், பாவம் அவரு மேல தப்பு இல்ல. கோயில் போர் தண்ணி கடுந்தண்ணி, அதுல பருப்பு என்ன வெறகு வச்சாலும் மசியாது. அதனால பருப்பு வேக வைக்க மட்டும் 20 லிட்டர் கேன் ஆறு வாங்குறோம். உப்பும் புளியும் பருப்பு மசிஞ்சப்புறம்தான், தவசுப்பிள்ளைக்குத் தெரியும், நம்ம ஆளுக போய் கைய வைக்காம இருந்தா சரி.

இப்ப வெஞ்சனம். இங்கதான் போன வருஷம் ஏமாந்தோம். அவியலுக்கு 60 கிலோ காய்னு எழுதுனோம், 60 வாங்குனோம். வாங்குன எடை வேற, சட்டியில விழுற எடை வேற. போன வாரம் வீட்ல பத்து கிலோ சேனை வாங்கி எடை போட்டுப் பாத்தேன். ஒட்டியிருந்த மண்ண கழுவுனதுலயே தராசு முள்ளு இறங்கிருச்சு, தோல் சீவி, அழுகல் ஒண்ணு ரெண்டு இடம் வெட்டி எறிஞ்சு, மிச்சம் 7 கிலோ 800. கை அரிப்பு தனி, உங்க மதினி ஒரு நாள் பேசல. வாழைக்காய்ல தோலும் காம்பும் போக மூணுல ஒரு பங்கு போயிருது. தடியங்காய்ல குடலும் விதையும் தோலும் அதே மாதிரி. பீன்ஸ், முருங்கை எல்லாம் பெருசா கழியாது.

அதனால நறுக்குனப்புறம் ஆளுக்கு அவியலுக்கு 80 கிராம், சாம்பாருக்கும் பொரியலுக்கும் 50, 50 கிராம்னு வச்சுக்கிட்டு பின்னால இருந்து கணக்குப் போட்டேன். அவியலுக்கு நறுக்குன காய் 60 கிலோ வேணும், அதுக்கு வாழைக்காய் 20, சேனை 18, வெள்ளரி 12, முருங்கை 8, கேரட் 7, பீன்ஸ் 6, கத்திரி 5, வாங்க வேண்டியது 76 கிலோ. சாம்பாருக்கு தடியங்காய் 20, முருங்கை 12, கத்திரி 9, மாங்காய் 4. மடைக்கு உள்ளி சேக்கிற வழக்கம் நமக்கு இல்ல, அதனால பல்லாரி, சின்ன உள்ளி ரெண்டுமே லிஸ்ட்ல கிடையாது, மறந்துட்டேன்னு யாரும் போன் போடாதீங்க. பொரியலுக்கு முட்டைக்கோஸ் 45 கிலோ, மேல் இலையும் நடுத்தண்டும் போக 37 தேறும். தக்காளி 20, சாம்பாருக்கு 8 ரசத்துக்கு 12. பச்சைமிளகா 4, இஞ்சி ஒண்ணு, கறிவேப்பிலை மல்லித்தழை கட்டுக்கணக்குல கேட்டு வாங்கிருவோம்.

தேங்காய் 100. அவியலுக்கு 50, பாயசத்துக்கு 40, மிச்சம் பொரியலுக்கு. சாமிக்கு உடைக்கிற தேங்காய்ல பாதி நமக்கு வரும்னு ஒரு யோசனை ஓடும், வந்தா பாயசத்துல சேத்துக்கலாம், அத நம்பி நூற குறைக்க வேண்டாம்.

மத்தபடி புளி ஆறு கிலோ, உப்பு ஏழு, வத்தல், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் போன வருஷ சீட்டுப்படியே, அதுல தப்பு இல்ல. அவியலுக்கு தேங்காண்ணெய் 4 லிட்டர், அப்பளம் பொரிக்க கடலெண்ணெய் 12, நெய் 4 கிலோ, அப்பளம் 850, தயிர் 40 லிட்டர் (மோருக்கும் அவியலுக்கும் சேத்து), இலை 850.

வாங்குறது யாரு: காய்க்கு நானும் சின்ன அண்ணனும் மொத நாள் விடிய முன்னாடி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வேன் எடுத்துட்டுப் போறோம். மூடைய அப்படியே தூக்கிப் போட்டுட்டு வராம ஒவ்வொண்ணா எடை போட்டு வாங்கணும், போன தடவ கோஸ் மூடை 50ன்னு சொல்லி 44தான் இருந்துச்சு, எந்தக் கடைன்னு இங்க சொல்ல வேண்டாம். பலசரக்கு மாமா பொறுப்பு. மொத நாள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்லயும் ஒரு ஆளாவது அரிவாமணையோட கோயிலுக்கு வரணும். சேனை, தடியங்காய், கேரட், பீன்ஸ் ராத்திரியே நறுக்கலாம், வாழைக்காய நறுக்கி மோர்த்தண்ணியில போட்டு வைக்கணும் இல்லேன்னா கறுத்துரும், கோஸும் கத்திரியும் விடியக்காலம்தான். நறுக்குனத குத்துமதிப்பா அண்டாவுல கொட்டாதீங்க, எடை போட்டு சீட்டுல எழுதிட்டு கொட்டுங்க, 60 தேறலேன்னா காலையில உடன்குடி பக்கம் போய் வாழைக்காயாவது எடுத்துட்டு வர நேரம் இருக்கும்.

பரிமாறுறதுல ஒண்ணு. அவியல் அகப்பைய வீட்ல எடை பாத்தேன், நெறைய அள்ளுனா 160 கிராம், தலை தட்டுனா 110. எளவட்டப் பயலுக கையில குடுத்தா மொத பந்திக்கு தெரிஞ்ச மூஞ்சிக்கெல்லாம் ரெண்டு அகப்பை போட்டு காலி பண்ணிருவானுக. அதனால அவியல் வாளி பெரிய சித்தப்பா கையிலதான், தலை தட்டி ஒரு அகப்பை, திரும்பக் கேட்டா அரை. சோறு வாளி யாரு வேணா தூக்கலாம்.

பெரிய தராசு ரைஸ்மில்லுல இருக்கு, நூறு கிலோ வரைக்கும் தாங்கும். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அத யாரு எடுத்துட்டு வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, என் பைக்ல வராது.