எந்தப் பக்கம் போவது?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் மெயிலை இரண்டு முறை படித்தேன். குவாண்டம் கணினித் துறையில் வன்பொருளா மென்பொருளா, எதில் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் மனதில் நின்றது: குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட் தன் ஆற்றலை எவ்வளவு நேரம் தக்கவைக்கிறது என்று காட்டும் டி1 வளைவு சரியாக வராததால் இரவு பதினொரு மணி வரை ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்தாய் என்பது.

வன்பொருளுக்கு நிறையப் பொறுமை வேண்டும். மீக்கடத்தி க்யூபிட்டை 10, 20 மில்லிகெல்வினுக்குக் குளிர்விக்கவே ஓரிரு நாள் ஆகும். உள்ளே ஒரு கேபிள் தளர்ந்திருந்தால் மறுபடி சூடாக்கி, திறந்து, முதலிலிருந்து. என் முதல் ஆண்டில் இப்படி மூன்று வாரம் போனது, அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை வீட்டிலிருந்து கற்க முடியாது. குவாண்டம் நிரல் எழுத உதவும் Qiskit-ஐ லேப்டாப்பில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்.

அதற்காக மென்பொருள் எளிது என்று நினைக்காதே. 2024 டிசம்பரில் கூகுள், 105 க்யூபிட் கொண்ட வில்லோ சிப்பில், பிழைதிருத்தக் குறியீட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறைவதைக் காட்டியது. அங்கே பிழையைச் சோதிக்கும் ஒரு சுற்று சுமார் ஒரு மைக்ரோநொடி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் டிகோடரை எழுதுவது லேசான வேலையா?

சரி, என் கருத்து: ஆய்வேட்டுக்கு வன்பொருளை எடு. அதிலும் க்யூபிட் கட்டுப்பாட்டுப் பக்கம் போ. மைக்ரோவேவ் துடிப்புகளைப் பைத்தானில் எழுதி, விளைவைச் சிப்பிலேயே பார்ப்பாய். பிறகு மனம் மாறினால் மென்பொருளுக்கு நகரலாம். எதிர்த்திசையில் வருவது கடினம்.

தேசிய குவாண்டம் இயக்கத்தின் கணினி மையம் பெங்களூரு ஐஐஎஸ்சியில் இருக்கிறது. கோடையில் பயிற்சிக்கு வரலாமா என்று அங்கே எழுதிக் கேள். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. அப்புறம், அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
சுந்தரி அக்கா