விளக்கக் குறிப்புகளுடன் துணைநூற்பட்டியல்: பதிவு 7

ராமானுஜன், ஏ. கே. 'த்ரீ ஹண்ட்ரட் ராமாயணாஸ்: ஃபைவ் எக்ஸாம்பிள்ஸ் அண்ட் த்ரீ தாட்ஸ் ஆன் டிரான்ஸ்லேஷன்'. மெனி ராமாயணாஸ்: த டைவர்சிட்டி ஆஃப் எ நேரட்டிவ் டிரடிஷன் இன் சவுத் ஏஷியா. பதிப்பாசிரியர் பாலா ரிச்மன். பெர்க்லி: கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம், 1991. பக். 22–49.

ஆய்வேட்டில் இடம்: இயல் 3, 'மீண்டும் கல்: சாபவிமோசனத்தின் முடிவு'

இயலின் வாதம்: 1943இல் கலைமகளில் வெளியான புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' இராமாயணத்துக்கு வெளியே நின்று எழுதப்பட்ட மறுப்பு அன்று. மரபுக்குள்ளேயே கிடந்த ஒரு பொருளை, அகலிகையின் கல்லை, எடுத்து அந்த மரபையே கேள்வி கேட்கும் இன்னோர் எடுத்துரைப்பு அது.

சுருக்கம்

இராமனின் மோதிரம் தரையில் இருந்த ஒரு துளைக்குள் விழுந்துவிடுகிறது. அதைத் தேடி அனுமன் பாதாளத்துக்குப் போகிறான். அங்கே ஒரு தட்டு நிறைய மோதிரங்கள். எல்லாம் இராமனின் மோதிரங்கள். மோதிரங்கள் எத்தனையோ அத்தனை இராமர்கள் வந்து போயிருக்கிறார்கள். இந்த நாட்டார் கதையோடு கட்டுரை தொடங்குகிறது. எத்தனை இராமாயணங்கள் என்ற கேள்வி அடுத்து வருகிறது. காமில் புல்கே கணக்கிட்ட முந்நூறு என்ற எண்தான் தலைப்புக்கு வந்திருக்கிறது.

கட்டுரையின் அச்சாணி ஒரு சொல்தேர்வு. 'வடிவம்', 'பாடபேதம்' போன்ற சொற்களைப் பயன்படுத்தினால் மாறாத மூலம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரும்பாலும் வால்மீகியே அந்த மூலமாகிவிடுவார். ஆகவே ராமானுஜன் 'டெல்லிங்' என்ற சொல்லைத் தேர்ந்துகொள்கிறார். நான் இதை 'எடுத்துரைப்பு' என்று தமிழாக்கிக்கொள்கிறேன். 'கூற்று' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வழங்கும் பொருளோடு அது மோதுகிறது.

ஐந்து எடுத்துக்காட்டுகளில் முதலிரண்டும் எனக்கு நேரடியாக வேண்டியவை: வால்மீகியின் அகலிகையும் கம்பனின் அகலிகையும். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமலசூரியின் சமண இராமாயணத்தில் இராவணன் உயர்ந்த மனிதன். கன்னட நாட்டார் பாடலில் இராவணனே கருவுற்று, தும்மலில் சீதையைப் பெறுகிறான். கன்னடத்தில் 'சீதா' என்பதற்கு 'தும்மினான்' என்று பொருள். தாய்லாந்தின் ராமகியென் கதையின் அழுத்தத்தை வேறு திசைக்குக் கொண்டுபோகிறது.

கடைசிப் பகுதியில் மொழிபெயர்ப்பு பற்றிய சிந்தனை. சார்லஸ் பியர்சின் குறியியலிலிருந்து மூன்று வகைகளை எடுத்துக்கொள்கிறார். முன்னைய பிரதியின் அமைப்பைக் கூடியவரை அப்படியே வைத்துக்கொள்வது உருவொப்பு வகை. தன் ஊர், தன் மக்கள், தன் வழக்கம் ஆகியவற்றுக்குள் கதையைக் கொண்டுவந்து நாட்டுவது சுட்டு வகை. கதையையும் பெயர்களையும் குறைந்த அளவில் மட்டும் எடுத்துக்கொண்டு முற்றிலும் புதியதைச் சொல்வது, சில வேளை முன்னைய பிரதியையே கவிழ்ப்பது, குறியீட்டு வகை. இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதையும் கட்டுரை உணர்த்துகிறது. இராமாயணத்தையோ மகாபாரதத்தையோ இங்கு யாரும் முதன்முறையாகப் படிப்பதில்லை, கதை எப்போதும் முன்பே இருக்கிறது என்ற கருத்தும் இப்பகுதியில்தான் வருகிறது.

மதிப்பீடு

இக்கட்டுரையை நான் முதலில் படித்தது வேறொரு காரணத்துக்காக. 2011இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து இதை நீக்கியபோது எழுந்த விவாதத்தின் வழியாகத்தான் பலரும் இதை அறிந்தார்கள். அந்த விவாதத்தில் 'முந்நூறு' என்ற எண் மட்டுமே பெரிதாகிவிட்டது. பல இராமாயணங்கள் உண்டு என்பதற்குச் சான்றாக மட்டும் இதை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்தால் கட்டுரையின் நுட்பமான பகுதியை இழந்துவிடுவோம். என் இயலுக்கு எண்ணிக்கை தேவையே இல்லை. ஒரு பிரதி இன்னொன்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கும் பார்வைதான் தேவை.

அகலிகை பற்றிய ஒப்பீடு அதைக் கொடுக்கிறது. வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஆசிரமத்தில் இருக்கிறாள். கல் கம்பனில் வருகிறது. இந்திரன் பூனையாகித் தப்ப முயல்வதும், அவன் உடலில் ஆயிரம் பெண்குறிகள் தோன்றும்படி சபிக்கப்படுவதும் கம்பனில்தான். இவை தென்னாட்டு நாட்டார் மரபிலிருந்தும் பழைய தமிழ்ப் பாடல்களிலிருந்தும் வந்தவை என்று ராமானுஜன் காட்டுகிறார். இங்கே நான் பரிபாடலின் 19ஆம் பாடலைச் சேர்த்துக்கொள்வேன். திருப்பரங்குன்றத்து ஓவியத்தைப் பார்ப்பவர்கள், இது இந்திரனாகிய பூனை, இவள் அகலிகை, கௌதமன் சினத்தால் கல்லுருவானது இது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பூனையும் கல்லும் தமிழ்நாட்டுச் சுவரில் இருந்திருக்கின்றன.

இதிலிருந்து என் வாதத்துக்கு மிக உறுதியான ஓர் அடி கிடைக்கிறது. சாபவிமோசனத்தின் முடிவை வால்மீகியிலிருந்து எழுத முடியாது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன்தான் என்பதை அந்தச் சீதையின் வாயாலேயே அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கல்லாகாத ஒருத்தியால் 'மீண்டும்' கல்லாக முடியாது. புதுமைப்பித்தனின் எதிர்ப்பு, எதை எதிர்க்கிறதோ அதன் தெற்கத்திய வடிவத்தின் உடலிலிருந்தே பிறக்கிறது. சாபத்தின் கருவி இங்கே அவளுடைய சொந்தத் தீர்ப்பாகிவிடுகிறது. இப்படிச் சொல்லும் துணிவை எனக்குக் கொடுத்தது இந்தக் கட்டுரைதான்.

இரண்டாவது பயன், கம்பனின் அகலிகையுடைய மனநிலை பற்றியது. வால்மீகியின் அகலிகை வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே உடன்படுகிறாள். கம்பனில் அவள் இடையில்தான் உணர்கிறாள்; உணர்ந்த பின்னும் விலகவில்லை. 'உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், தக்கது அன்று என்ன ஓராள்'. இந்த உளவியல் நுட்பத்தை ராமானுஜன் சரியாகப் பிடிக்கிறார். ஆனால் அதே படலத்தில் விசுவாமித்திரன் அவளை 'நெஞ்சினால் பிழைப்பு இலாள்' என்று கௌதமனிடம் சொல்வதையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. உணர்ந்த பின்னும் விலகாதவள், நெஞ்சினால் பிழை இல்லாதவள்: கம்பன் இரண்டையும் சொல்லிவிட்டு நடுவில் உள்ள இடைவெளியைத் திறந்தே விட்டுவிடுகிறான். புதுமைப்பித்தன் குடியேறுவது அந்த இடைவெளியில். மன்னிக்கப்பட்ட பிறகு அகலிகை எப்படி நாட்களைக் கழித்தாள், ஆற்றங்கரையில் மற்றப் பெண்களின் பார்வையை எப்படித் தாங்கினாள் என்று கேட்பதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக, முதன்முறையாகப் படிப்பவர் இல்லை என்ற கருத்து. சாபவிமோசனத்தின் தலையில் புதுமைப்பித்தன் வைத்த முன்குறிப்பை இதனோடு இணைக்கலாம். இராமாயணத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு இக்கதை பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்கிறார் அவர். பொருட்படுத்தவில்லை என்று சொல்வதற்காகக்கூட, கதையை முன்பே அறிந்த வாசகரை அவர் எதிரில் நிறுத்தியாக வேண்டியிருக்கிறது. ராமானுஜன் எடுத்துக்காட்டும் அத்யாத்ம ராமாயணப் பகுதியும் இதற்கு ஒத்துவருகிறது. காட்டுக்கு வரவேண்டாம் என்று இராமன் தடுக்கும்போது, எந்த இராமாயணத்திலாவது சீதை காட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாளா என்று அவள் கேட்கிறாள். பாத்திரமே மரபைச் சாட்சிக்கு அழைக்கிறது. புதுமைப்பித்தனின் அகலிகை இராமனின் ஒரு செயலை அவனுடைய இன்னொரு செயலோடு ஒப்பிட்டு நியாயம் கேட்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கட்டுரை போதாத இடங்களும் உண்டு. ராமானுஜன் மரபைப் பொதுக் குளமாகப் பார்க்கிறார். ஒவ்வொரு புலவரும் அதிலிருந்து முகந்துகொள்கிறார். இந்த உருவகம் அழகானது. ஆனால் குளத்தில் யாருக்கு இறங்க உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வி அதில் அமிழ்ந்துவிடுகிறது. எடுத்துரைப்புகள் ஒன்றையொன்று அருகருகே வைத்துப் பேசிக்கொள்வது போலத் தோன்றுகின்றன. சண்டையின் சூடு குறைந்துவிடுகிறது. சாபவிமோசனத்தில் சூடுதான் எல்லாம். 1940களின் தமிழகத்தில் இராமாயணம் மேடையிலும் அச்சிலும் கடுமையாக வாதாடப்பட்ட பொருள். அந்தச் சூழலை இக்கட்டுரையிலிருந்து பெற முடியாது. இதே தொகுப்பில் பெரியாரின் இராமாயண வாசிப்பைப் பற்றி ரிச்மன் எழுதிய கட்டுரை அதற்கு உதவும். அதைத் தனிப்பதிவாக எழுதியிருக்கிறேன். புதுமைப்பித்தனைப் பெரியாரோடு ஒரே வரியில் நிறுத்துவது தவறாகும் என்பதால் இரு கட்டுரைகளையும் ஒன்றுக்கொன்று கடிவாளமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை வகைப்பாட்டில். சாபவிமோசனத்தைக் 'குறியீட்டு வகை' என்று முத்திரை குத்தி முடித்துவிடும் ஆசை எனக்கே வந்தது. இயலின் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். நெறியாளர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார், அது நியாயமே. அக்கதை பெயர்களைக் குறைந்த அளவில் கடன் வாங்கும் கதை அன்று. புற்றிலிருந்து எழும் கௌதமனையும், வந்து பேசும் சீதையையும், கல்லையும் முழு நம்பிக்கையோடு கையாளுகிறது. அமைப்பில் அது விசுவாசமானது; தீர்ப்பில் மட்டும் கவிழ்க்கிறது. ராமானுஜனின் மூன்று வகைகளில் இந்தச் சேர்க்கைக்குத் தனிப்பெயர் இல்லை. காப்பியங்களையும் வாய்மொழிப் பாடல்களையும் மனத்தில் வைத்து உருவான வகைப்பாடு, இதழில் ஒருவர் பெயரோடு வெளியாகும் சிறுகதைக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

பயன்படுத்தும் முறை

இயல் 3இன் முதற்பகுதியில் 'எடுத்துரைப்பு' என்ற கலைச்சொல்லை விளக்க இக்கட்டுரை அடிப்படை. இரண்டாம் பகுதியில் கல்லின் வரலாறு: பரிபாடல், கம்பன், பிறகு ராமானுஜனின் ஒப்பீடு என்ற வரிசையில். கம்பன் பாடல்களை அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து திருப்பித் தமிழாக்காமல் மூலத்திலிருந்தே நேரடியாக மேற்கோள் காட்டுவேன். மூன்றாம் பகுதியில் வகைப்பாட்டின் போதாமையை வாதமாக்கிக்கொள்வேன். சமண, கன்னட, தாய்லாந்து எடுத்துக்காட்டுகளை இயலில் சேர்க்கப்போவதில்லை. கன்னடப் பாடலில் சீதையின் பிறப்பு பற்றிய பகுதி மட்டும் இயல் 5க்காகத் தனி அட்டையில் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது.